பன்னிரண்டு மணி நேர ஷிப்டும் பாலகாட்டின் இரயில் நேரமும்



சுரங்கத் தொழிலாளியின் வேலைநேரத்தை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது? தங்கவயலில் இந்தக் கேள்வி புதியதன்று. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், பூமிக்கடியில் வேலை செய்பவருக்கு நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்திற்கு 48 மணி என வரையறுத்தது. அத்தோடு நிற்கவில்லை. ஷிப்ட்டின் மொத்த வீச்சே அந்த எட்டு மணியைத் தாண்டக்கூடாது என்றும், ஷிப்ட் நேரத்திற்கு வெளியே எவரும் கீழே இருக்கக்கூடாது என்றும் கூறியது. கடப்பாறை பிடித்த நேரம் மட்டுமல்ல, இருட்டில் இருந்த நேரமும் கணக்கில் வந்தது.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் பாலகாட், மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் குடியிருப்புகளின் பிள்ளைகள் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு அன்றாடம் இரயிலேறுகிறார்கள். அந்த இரயில் நேரத்தை எந்தச் சட்டமும் எண்ணுவதில்லை. இந்த நிலையில்தான், 2023இல் கர்நாடக அரசு தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, வாரம் 48 மணிக்கு மிகாமல், இடைவேளை உட்பட நாளுக்குப் பன்னிரண்டு மணிவரை வேலை வாங்க வழி செய்தது. தொழிலாளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்பது நிபந்தனை. அதே ஆண்டு தமிழ்நாட்டில் இதையொத்த மசோதா ஏப்ரலில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே நாளன்று திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்டது.

“நான்கு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு” என்ற பேச்சில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட முடியாது. வீட்டு வாசலிலிருந்து ஆலை வாசல்வரை ஒருவழிப் பயணம் மூன்று மணி என்று கொள்வோம். ஆறு நாள் சென்றால் வாரத்தில் 36 மணி பயணம்; நான்கு நாள் சென்றால் 24. பன்னிரண்டு மணி நேரம் மிஞ்சுகிறது. இளம் தொழிலாளர்கள் சிலர் இதை விரும்புவது அறியாமையால் அல்ல.

ஆனால் ஒரு நாளை எடுத்துப் பாருங்கள். காலை எட்டு மணி ஷிப்ட்டுக்கு நான்கு மணிக்கு எழ வேண்டும், ஐந்துக்குப் புறப்பட வேண்டும். எட்டரை மணி நேர ஷிப்ட் என்றால் மாலை நாலரைக்கு வேலை முடிந்து ஏழரைக்கு வீடு. ஒன்பதரைக்குப் படுத்தால் ஆறரை மணி உறக்கம். பன்னிரண்டு மணி ஷிப்ட் என்றால் இரவு எட்டுக்கு வேலை முடியும்; வீடு சேர பதினொன்று; குளித்து, உண்டு, படுக்கப் பன்னிரண்டு. மீண்டும் நான்குக்கு எழ வேண்டும். நான்கு மணி உறக்கம். அதுவும் தொடர்ந்து நான்கு நாள்! ஐரோப்பிய ஒன்றியம் இரு வேலைநாட்களுக்கு இடையே பதினொரு மணி ஓய்வு கட்டாயம் என்கிறது. மேற்கண்ட தொழிலாளிக்குக் காகிதத்தில் பன்னிரண்டு மணி ஓய்வு உண்டு. அதில் ஆறு மணி இரயிலில் போய்விடுகிறது.

விபத்து ஆய்வுகளைத் தொகுத்த ஃபோல்கார்ட், டக்கர் ஆகியோரின் 2003 கட்டுரை, பன்னிரண்டாவது மணியின் ஆபத்து முதல் எட்டு மணியின் சராசரியைப்போல் இரு மடங்குக்கும் மேல் என மதிப்பிடுகிறது. நம் தொழிலாளிக்கு அந்தப் பன்னிரண்டாவது மணி, விழித்தெழுந்தபின் பதினாறாவது மணி. பிரஸ் இயந்திரத்தின் முன் நிற்பவருக்குச் சில நொடிக் கண்ணயர்வு போதும், விரல் போய்விடும். கடைசி இரண்டு நாள் விடுமுறையில் எவ்வளவு உறங்கினாலும் மூன்றாம் நாள் போன விரல் திரும்பாது.

அப்படியானால் அந்த ஒப்புதல் என்னாகிறது? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இரு வாரம் நாளுக்கு ஆறு மணியோ அதற்குக் குறைவாகவோ உறங்கியவர்களின் கவனத்திறன், ஒன்றிரண்டு இரவுகள் முற்றிலும் உறங்காதவர்களின் அளவுக்குச் சரிந்தது. அவர்களோ தங்களுக்குச் சற்றே தூக்கக் கலக்கம் என்று மட்டும் சொன்னார்கள். களைத்தவர் தம் களைப்பைக் குறைத்தே மதிப்பிடுகிறார். அவரது கையெழுத்தைப் பாதுகாப்புக்குச் சான்றாக எப்படி ஏற்பது?

மருத்துவமனையில் வேறொரு வாதம் வருகிறது. மூன்று ஷிப்ட் என்றால் நோயாளியை மூன்று முறை ஒப்படைக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஏதேனும் தகவல் தவறும் என்கிறார்கள். இது மெய்யான இடர்தான். ஊதியத்துடன் அரைமணி நேரம் இரு ஷிப்ட்டும் சேர்ந்திருந்தால் பெருமளவு தீரும். ஆனால் கணக்கைப் பாருங்கள். இருபத்து நான்கு மணியும் ஒரு செவிலியர் தேவைப்படும் இடத்திற்கு வாரத்தில் 168 மணி நேரம். ஆளுக்கு 48 மணி என்றால் எட்டு மணி ஷிப்ட்டானாலும் பன்னிரண்டானாலும் மூன்றரை ஆள்தான் தேவை. ஆறு நாளும் பன்னிரண்டு மணி, அதாவது வாரம் 72 மணி வேலை வாங்கும்போதுதான் அது இரண்டேகாலுக்குச் சற்று மேலாகக் குறைகிறது. இரு ஷிப்ட் முறையில் நிர்வாகத்துக்கு ஆள் மிச்சமாகிறது என்றால், 48 மணி வரம்பு எங்கோ மீறப்படுகிறது என்று பொருள்.

அதனால் பன்னிரண்டு மணி ஷிப்ட்டுக்குக் கையெழுத்து கேட்கப்படும் இடங்களில் சங்கம் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: ஒவ்வொருவரும் வாரத்தில் மெய்யாக வேலை செய்த மணிக்கணக்கு, விபத்துப் பதிவேட்டில் ஒவ்வொரு காயத்தின் எதிரேயும் அது ஷிப்ட்டின் எத்தனையாவது மணியில் நேர்ந்தது என்ற குறிப்பு.