விமானம் இறங்கிவிட்டது, வண்டி எங்கே நிற்பது?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் குடிநீர்க் குழாய், தெருவிளக்கு பற்றிப் பேசி முடித்தபின் டீ குடிக்கும்போது ஒரு பேச்சு வந்தது. நம் நாலு தெருவிலும் வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூரிலோ, துபாயிலோ, அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டிவர நாமக்கிரிப்பேட்டையிலிருந்து வண்டி கிளம்பாத வாரமில்லை. போய்விட்டு வந்தவர்களில் பாதிப்பேர் அங்கே அலைந்த கதையைச் சொல்கிறார்கள். என் கதையும் அதில் ஒன்று. அதைச் சொன்னபோது, "அதையே கூட்டத்தில் சொல்லுங்க" என்று செயலாளர் சொல்லிவிட்டார்.

கடந்த மாசி மாதம் என் அக்கா மகள் வெளிநாட்டிலிருந்து பெங்களூருக்கு வந்தாள். மச்சானுக்கு சேலத்தில் காலை 7 மணிக்கு இதய அறுவை சிகிச்சை. உள்ளே கொண்டுபோகும் முன் அப்பாவை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றுதான் அவசரமாக டிக்கெட் போட்டு வந்தாள். விமானம் இரவு 12.50-க்கு இறங்குகிறது. 1.50-க்குள் வெளியே வந்துவிட்டால், இரவு ரோட்டில் ஆறேகால் மணிக்கு சேலம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் நாங்கள் ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது மணி 7.25. அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

கடவுள் புண்ணியத்தில் மச்சான் நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த ஒரு மணி பத்து நிமிடத்தை ரோட்டில் நாங்கள் இழக்கவில்லை. விமான நிலையத்து வாசலிலேயேதான் இழந்தோம். எப்படி என்று சொல்கிறேன்.

முதல் தவறு, டெர்மினல். எங்கள் டிரைவர் பத்து வருடமாக பெங்களூரு போகிறவர். நானும் 2019-ல் போயிருக்கிறேன். அப்போது அங்கே இருந்தது ஒரே டெர்மினல். அதனால் இருவரும் யோசிக்காமல் பழைய கட்டிடத்துக்கே, அதாவது T1-க்கே போனோம். ஆனால் 2023 செப்டம்பர் 12-ம் தேதியிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் எல்லாம் T2-வுக்கு மாறிவிட்டன. இன்று T1 முழுக்க உள்நாட்டு விமானங்கள்தான். T2-வில் வெளிநாட்டு விமானங்கள் எல்லாமும், கூடவே சில உள்நாட்டு விமானங்களும் வருகின்றன.

T1 வாசலில் இருபத்தைந்து நிமிடம் நின்றேன். வெளியே வருகிற ஒருவரிடம் எந்த விமானம் என்று கேட்டேன், டெல்லி என்றார். இன்னொருவர் புனே என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். "நம்ம விமானம் லேட்டு போல" என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வெளியே வருகிறவர்கள் ஒருவர்கூட வெளிநாட்டிலிருந்து வரவில்லை என்றால், நீங்கள் நிற்பது தவறான வாசல்.

டெர்மினலைத் தெரிந்துகொள்வது கஷ்டமில்லை. டிக்கெட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அதில் கடைசி வரியை மட்டும் பாருங்கள். எந்த ஊரிலிருந்து கிளம்பினார்கள் என்பது முக்கியமில்லை. கடைசி விமானம் எங்கிருந்து ஏறினார்கள் என்பதுதான் முக்கியம். டொரண்டோவிலிருந்து வருகிற பையன் டெல்லியில் இறங்கி வேறு விமானம் ஏறினால், பாஸ்போர்ட் சோதனை டெல்லியிலேயே முடிந்துவிடும். அவன் பெங்களூருக்கு உள்நாட்டுப் பயணியாகத்தான் வருவான். எனவே அவன் T1-லும் இறங்கலாம், T2-விலும் இறங்கலாம். அது எந்தக் கம்பெனி விமானம் என்பதைப் பொறுத்தது. அந்த வரியில் BLR என்பதற்குப் பக்கத்தில் T1 அல்லது T2 என்று போட்டிருக்கும். அதுதான் விடை.

அதே வரியில் தேதியையும் பாருங்கள். நம்மில் பலர் ஏமாறுவது இங்கேதான். 12-ம் தேதி 00.50 என்றால், 11-ம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு நாம் பெங்களூரில் இருக்க வேண்டும். 12-ம் தேதி ராத்திரி போனால் ஒரு நாள் தாமதம். நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று இருந்தால் அங்கே கிளம்பியதற்கு அடுத்த நாள் இங்கே இறங்குகிறார்கள் என்று அர்த்தம். இறங்கும் நேரம் எப்போதும் இறங்குகிற ஊர் நேரம்தான், அதில் எதையும் கூட்டிக் கழிக்க வேண்டாம்.

இரண்டாவது தவறு, வண்டி நிற்கும் லேன். T1-லிருந்து T2-வுக்கு ஓடினோம். வருகை வாசல் முன்னால் கார்கள் நிற்கும் லேனில் நுழையப் போனோம். காவலர் எங்கள் நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். எங்களுடையது வாடகை வண்டி, மஞ்சள் பலகை. அவர் மேல் தவறில்லை. விதி அப்படி.

2025 டிசம்பரில் பெங்களூரில் அந்த விதி வந்தது. வாசலுக்கு நேர் முன்னால் இருக்கும் லேன் வெள்ளைப் பலகை வண்டிகளுக்கு, அதாவது சொந்தக் கார்களுக்கு. முதல் 8 நிமிடம் இலவசம். அதைத் தாண்டினால் 13 நிமிடம் வரை 150 ரூபாய், 18 நிமிடம் வரை 300 ரூபாய். அதற்கு மேல் நின்றால் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மஞ்சள் பலகை வண்டிகள் வாசலுக்கே வரக்கூடாது. T2 பயணிக்காக வருகிற வாடகை வண்டி P2 என்ற பார்க்கிங்குக்குப் போக வேண்டும். T1 என்றால் P3 அல்லது P4. அங்கே முதல் சில நிமிடங்கள் இலவசம். இந்த ரூபாய்க் கணக்கும் நிமிடக் கணக்கும் மாறக்கூடியவை, போகிற வாரத்தில் விமான நிலைய இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நாம் பெரும்பாலும் எடுத்துப்போவது வாடகை வண்டிதான். "வாசல்ல வந்து நில்லு, வண்டி வரும்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறோம். அந்த வண்டி அங்கே வரவே முடியாது. என் அக்கா மகள் வாசலில் நின்றாள், நாங்கள் P2-வைத் தேடிச் சுற்றினோம். ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் மறுபடி ஒரு சுற்று. அவளுடைய வெளிநாட்டு சிம் இங்கே வேலை செய்யவில்லை. இலவச வைஃபை போடலாம் என்றால் அதற்கு ஓ.டி.பி. வரவேண்டும், ஓ.டி.பி. வர சிம் வேலை செய்ய வேண்டும். கடைசியில் ஒரு புண்ணியவான் போனை வாங்கிக் கூப்பிட்டாள். "எங்க மாமா இருக்கீங்க? ஒரு மணி நேரமா நிக்கறேன்" என்றாள். அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை.

சித்திரையில் என் தம்பி அதே பெங்களூருக்கு, அதே மாதிரி நடுராத்திரியில் வந்தான். அப்போது செய்ததைச் சொல்கிறேன்.

இரண்டு நாள் முன்பே அவனுக்கு எழுதி அனுப்பினேன்: "T2-வில் இறங்குவாய். வெளியே வந்ததும் எங்கேயும் நகராதே. வருகை வாசலுக்கு எதிரே நில். நான் நடந்து வருவேன்." வண்டி நம்பரையும் டிரைவர் போன் நம்பரையும் அதிலேயே போட்டேன். போன் வேலை செய்யாவிட்டாலும் இது போதும். டிரைவரிடம் முந்தைய நாளே கர்நாடக பர்மிட் போட்டாயிற்றா என்று கேட்டுக்கொண்டேன்.

விமானம் இறங்கியது 12.40. அப்போது நாங்கள் விமான நிலையத்துக்குள்ளேயே போகவில்லை. நெடுஞ்சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். விமானம் இறங்கினாலும் பாஸ்போர்ட் சோதனை, பெட்டி வருவது, சுங்கம் எல்லாம் முடிய முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். இறங்கியவுடன் உள்ளே போனால் பார்க்கிங் காசுதான் ஏறும். 1.20-க்குக் கிளம்பினோம். உள்ளே போனதும் T1, T2 என்று ரோடு பிரிகிற இடத்தில் கூகுள் மேப்பை விட்டுவிட்டுத் தலைக்கு மேலே இருக்கும் பலகையைப் பார்த்தே போனோம். வருகை என்றால் கீழ்த்தளம், புறப்பாடு என்றால் மேல்தளம். டிரைவரை P2-வில் வண்டியோடு விட்டுவிட்டு நான் மட்டும் வாசலுக்கு நடந்தேன். 1.45-க்கு தம்பி வந்தான். 2 மணிக்கு வண்டியில் இருந்தோம்.

சொந்தக் கார் எடுத்துப் போகிறவர்கள் வேறு மாதிரி செய்ய வேண்டும். ஆள் பெட்டியோடு லேன் ஓரத்தில் வந்து நின்ற பிறகுதான் நீங்கள் லேனுக்குள் நுழைய வேண்டும். பக்கத்துத் தூணிலோ பலகையிலோ இருக்கும் எண்ணை வாசிக்கச் சொல்லுங்கள். "இங்க பெரிய கண்ணாடிக் கதவு இருக்கு" என்று சொன்னால் அங்கே எல்லாமே கண்ணாடிக் கதவுதான். வருகிறவர் வயதானவர், அல்லது கைக்குழந்தையோடு வருகிறார் என்றால் அந்த 8 நிமிட லேனே வேண்டாம். பார்க்கிங்கில் விட்டுவிட்டு, நீங்களே வாசலுக்குப் போய்க் கூட்டிவாருங்கள். பார்க்கிங் காசைப் பார்க்காதீர்கள்.

மற்ற ஊர்களைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். சென்னையில் வெளிநாட்டு விமானங்களுக்கு T2. T1-ம் T4-ம் உள்நாடு. பழைய வெளிநாட்டு முனையம்தான் இன்றைய T4, பழைய ஞாபகத்தில் அங்கே போய் நிற்காதீர்கள். திருச்சியில் 2024 ஜூன் 11 முதல் எல்லாமே புதிய முனையத்தில், அங்கே குழப்பமில்லை. கோவையில் ஒரே கட்டிடம். நம் சேலம் ஓமலூருக்கு வெளிநாட்டு விமானம் கிடையாது, வேறு ஊரில் மாறித்தான் வரவேண்டும்.

வீட்டில் யாருக்காவது டிக்கெட் வந்தால் இந்த நான்கை மட்டும் ஒரு தாளில் எழுதி டிரைவரிடம் கொடுத்துவிடுங்கள்: கடைசி விமானத்தின் எண், இறங்கும் தேதியும் நேரமும், டெர்மினல், நம் வண்டியின் பலகை வெள்ளையா மஞ்சளா என்பது. என் மச்சான் இப்போது தினமும் காலையில் நம் தெருவில்தான் நடக்கிறார். பார்த்தால் விசாரியுங்கள். "ஏர்போர்ட்டுல வழி தெரியாதவன் இவன்தான்" என்று என்னைக் காட்டித்தான் சிரிப்பார்.