சிங்கப்பூரை விட்டு வரும்போது சி.பி.எஃப். பணத்தை எப்படி எடுப்பது?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் ஒரு குழுவுக்குப் போயிருந்தப்போ ஒரு அக்கா என்னிடம் கேட்டாங்க: "எங்க வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல பதினாலு வருஷம் இருந்துட்டு வந்துட்டார். அங்க அவர் பேர்ல பிடிச்ச பணம் நிறைய இருக்காம். 20,000 ரூபாய் கட்டினா எடுத்துத் தர்றேன்னு ஒருத்தர் சொல்றார். கட்டலாமா?"

நான் அவங்களைத் திருப்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "அவர் பெர்மிட்ல இருந்தாரா, பி.ஆர். வாங்கியிருந்தாரா?" பணம் இருக்கா இல்லையாங்கறது இந்தப் பதில்லதான் இருக்கு.

சிங்கப்பூரில் மத்திய சேம நிதி என்று ஒன்று 1955 முதல் இருக்கிறது. சுருக்கமாக சி.பி.எஃப். நம்ம ஊர் பி.எஃப். மாதிரிதான். மாதாமாதம் சம்பளத்தில் ஒரு பங்கு பிடிப்பார்கள், முதலாளியும் ஒரு பங்கு போடுவார். ஆனால் இது சிங்கப்பூர் குடிமக்களுக்கும், பி.ஆர். என்கிற நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். ஒர்க் பெர்மிட்டிலோ எஸ் பாஸிலோ போனவர்களுக்கு சி.பி.எஃப். கிடையாது.

அப்புறம் ஏன் "பிடிச்ச பணம்" என்ற பேச்சு வருகிறது? இரண்டு விஷயம் குழப்புகிறது. ஒன்று லெவி. வெளிநாட்டு ஆளை வைத்துக்கொள்வதற்காக முதலாளி மாதாமாதம் அரசாங்கத்துக்குக் கட்டும் தொகை அது. இன்னொன்று, பெர்மிட்டில் வரும் நம்மவர்களுக்காக முதலாளி கொடுக்கும் 5,000 டாலர் பிணை. இரண்டுமே நம்ம ஆளுடைய சேமிப்பு இல்லை. திரும்பி வந்தபின் நமக்கு வராது. அந்த அக்காவின் வீட்டுக்காரர் பதினாலு வருஷமும் பெர்மிட்டில்தான் இருந்திருக்கிறார். சம்பளச் சீட்டில் சி.பி.எஃப். என்ற வரியே இல்லை. அவர் 20,000 கட்டியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

இப்போ பி.ஆர். வாங்கியவர்கள் விஷயத்துக்கு வருவோம். எனக்குத் தெரிந்த இன்னொரு குடும்பத்துக் கணக்கைச் சொல்கிறேன். அவர் 2008-ல் போனார். 2016-ல் பி.ஆர். கிடைத்தது. 2024-ல் ஊரோடு வந்துவிட்டார். சம்பளம் 3,000 டாலர் என்றே வைத்துக்கொள்வோம். முதல் எட்டு வருஷத்துக்கு ஒன்றும் இல்லை. பி.ஆர். ஆன முதல் வருஷம் அவர் பங்கு நூற்றுக்கு 5, முதலாளி பங்கு 4. இரண்டாம் வருஷம் 15-ம் 9-ம். மூன்றாம் வருஷத்திலிருந்து முழுசாக 20-ம் 17-ம். அதாவது மாதம் 600 டாலர் அவருடையது, 510 டாலர் முதலாளியுடையது, ஆக 1,110 டாலர். எட்டு வருஷத்தையும் கூட்டினால் 91,800 டாலர் வருகிறது. வட்டி தனி. டாலருக்கு 60 ரூபாய் என்று வைத்தாலே 55 லட்சம் ரூபாய். இது வீட்டில் இருக்கிற மனைவிக்குத் தெரிய வேண்டிய கணக்கா இல்லையா?

அவர் ஊருக்கு வந்து சேர்ந்தபிறகுதான் பணத்துக்கு விண்ணப்பித்தார். வரவில்லை. ஏன் என்றால், பி.ஆர். அட்டையை அவர் இன்னும் கையிலேயே வைத்திருந்தார். "எதுக்கும் இருக்கட்டும், திரும்பப் போக உதவும்" என்று நினைத்திருக்கிறார். அங்கேதான் சிக்கல். 55 வயதுக்கு முன்னாடி முழுப் பணத்தையும் எடுக்க வேண்டும் என்றால், பி.ஆர். உரிமையை விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். சிங்கப்பூரை நிரந்தரமாக விட்டு வந்திருக்க வேண்டும். திரும்பிப் போய் அங்கே வேலை செய்யவோ குடியிருக்கவோ எண்ணம் இல்லை என்றும் சொல்ல வேண்டும். பி.ஆரும் வேண்டும், பணமும் வேண்டும் என்றால் நடக்காது.

அதனால் முதல் படி, பி.ஆரை விடுவது. அதைச் செய்யும் அலுவலகம் ஐ.சி.ஏ. என்கிற குடிநுழைவு ஆணையம். அங்கே நீல நிற அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பி.ஆர். விடப்பட்டதற்கு அவர்கள் தரும் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் படி, சி.பி.எஃப். வாரியத்துக்கு விண்ணப்பம். இதை இணையத்திலேயே, சிங்பாஸ் என்கிற கடவுச் சொல் கணக்கு மூலம் போடலாம். இதற்காக ஏஜென்ட் தேவையில்லை.

இந்த வேலைகளை எல்லாம் சிங்கப்பூரில் இருக்கும்போதே தொடங்கிவிடுவதுதான் நல்லது. மேலே சொன்னவர் அங்கிருந்து கிளம்பும்போது போன் நம்பரை நிறுத்திவிட்டார், வங்கிக் கணக்கையும் மூடிவிட்டார். சிங்பாஸில் நுழைய வரும் எண் பழைய நம்பருக்குப் போனது. பணத்தை இந்திய வங்கிக்குக் கேட்டால் பெயர் ஒத்துப்போகவில்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது, இங்கே பாஸ்புக்கில் வெறும் இனிஷியல். அதைத் திருத்தவே பல மாதம் ஆனது. ஆகவே, பணம் கைக்கு வரும்வரை அங்குள்ள வங்கிக் கணக்கை மூடக் கூடாது. போன் நம்பரையும் விடக் கூடாது. பாஸ்போர்ட்டிலும் வங்கியிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

ஒன்று சொல்கிறேன், அவசரப்படவும் வேண்டாம். பி.ஆரை விட்டால் திரும்பக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அதை யோசிக்கிற காலத்தில் பணம் அங்கே கெட்டுப்போகாது. சாதாரணக் கணக்கில் வருஷத்துக்கு குறைந்தது நூற்றுக்கு 2.5 வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே இது கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு.

கடைசியாக, பெண்கள் கண்டிப்பாகக் கேட்க வேண்டியது, நியமனதாரர் பெயர். சி.பி.எஃப். பணம் உயிலில் எழுதினாலும் அந்த உயிலின்படி போகாது. அங்கே யாரை நியமித்திருக்கிறாரோ அவருக்குத்தான் போகும். யாரையும் நியமிக்கவில்லை என்றால், பணம் பொது அறங்காவலர் என்ற அரசு அலுவலகத்துக்குப் போய், சட்டப்படி பிரித்துத் தரப்படும். அதற்குக் கட்டணமும் உண்டு, தாமதமும் உண்டு. இன்னொன்று, கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பெயரையோ தம்பி பெயரையோ எழுதியிருந்தால், கல்யாணம் ஆனதும் அது செல்லாமல் போய்விடும். "எழுதிட்டேன், கவலைப்படாதே" என்று அவர் சொன்னால், எந்த வருஷம் எழுதினார் என்று கேளுங்கள்.

வீட்டுக்குப் போனதும் அவருடைய சம்பளச் சீட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 2016 ஏப்ரலிலிருந்து சிங்கப்பூரில் முதலாளி விவரமான சம்பளச் சீட்டு கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். அதில் சி.பி.எஃப். வரி இருக்கிறதா என்று பாருங்கள். பெர்மிட்டில் இருக்கிறவர் சீட்டில் அந்தப் பெயரில் பணம் பிடித்திருந்தால், அது தவறு. சிங்கப்பூர் மனிதவள அமைச்சில் அவர் புகார் செய்யலாம். பி.ஆராக இருந்தும் அந்த வரி இல்லை என்றால், சி.பி.எஃப். வாரியத்திடம் உடனே கேட்கச் சொல்லுங்கள். சீட்டு வந்ததும் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.