உணவகக் கழிவும் கறுத்த எண்ணெயும்
(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் மஹல்லாவில் பிரியாணிக் கடை, பரோட்டாக் கடை நடத்தும் குடும்பங்கள் பல. அப்படியொரு கடையில் நாங்கள் உரம் போட உதவியபோது கற்றதைச் சொல்கிறோம்.

முதல் முறை தோற்றோம். இலையில் மிஞ்சிய சோறு, சால்னா, எலும்பு எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் கொட்டினோம். நான்காம் நாள் அழுகிய முட்டை நாற்றம், புழு நெளிந்தது, எலியும் வந்தது. நெய்யும் குழம்பும் கழிவின் மேல் படிந்து காற்றை அடைத்துவிட்டன. காற்றில்லாத இடத்தில் கழிவு மக்காது, அழுகும்.

அதன் பிறகு கடையில் மூன்று வாளி வைத்தோம். ஒன்று சமையல்கட்டில்: வெங்காயத் தோல், புதினா, மல்லித் தண்டு, முட்டை ஓடு, டீத்தூள் சக்கை. இது மட்டும் உரத்துக்கு. இரண்டாவது, கை கழுவும் இடத்தருகே: எச்சில் சோறும் எலும்பும். இது அன்றன்றே நகராட்சி வண்டிக்கு. மூன்றாவது பார்சல் கவர், அலுமினியத் தாள் போன்ற உலர் குப்பைக்கு.

சுற்றிலும் துளையிட்ட டிரம்மில், ஒரு வாளித் தோலுக்கு ஒரு வாளிக்குக் குறையாமல் காய்ந்த சருகு அல்லது தேங்காய் நார்க்கழிவு போட்டோம். வாரம் இருமுறை கிளறினோம். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது. ஒழுகினால் இன்னும் சருகு சேர்க்க வேண்டும். சில நாளில் உள்ளே சூடு ஏறியது. இரண்டு மாதத்தில் மழை நனைத்த மண் வாசனையோடு உரம் தயாரானது.

இனி எண்ணெய். அது டிரம்முக்கும் ஆகாது, சாக்கடைக்கும் ஆகாது. ஆறியதும் குழாய்க்குள் கட்டியாகி அடைத்துக்கொள்ளும். ஆனால் பெரிய ஆபத்து வேறு. கறுத்த எண்ணெயை விலைக்குக் கேட்டு ஆள் வருவார்கள். அவர்களில் சிலரிடமிருந்து அது மலிவு எண்ணெயாக இன்னொரு தள்ளுவண்டிச் சட்டிக்குப் போய்விடும். நாம் கழித்ததை நம் பிள்ளைகளே தெருமுனையில் பஜ்ஜியாகத் தின்ன நேரும்.

திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உருவாகும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 முதல் சட்டம். இதைச் சரியாக அளக்கக் கருவி வேண்டும். ஆனால் கண்ணுக்கே தெரியும் அறிகுறிகள் உண்டு: எண்ணெய் கறுத்துப் பிசுபிசுக்கும், நுரை அடங்காது, சீக்கிரமே புகையும்.

அப்படியானதை ஆறவிட்டு வடிகட்டி, தண்ணீர் படாத கேனில் மூடி வையுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறை அங்கீகரித்த சேகரிப்பாளரிடம் மட்டும் கொடுத்து, தேதியும் லிட்டரும் எழுதிய ரசீது வாங்குங்கள். அது பயோடீசலாகும். நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் கடைகள் இந்தக் கணக்கை எழுதி வைப்பது கட்டாயம்.

சிறிய கடைக்கு ஒரு கேன் நிறையவே நாளாகும். ஆகவே பக்கத்துக் கடைகள் நான்கைந்து சேர்ந்து ஒரே நாளில் சேகரிப்பாளரை வரவழையுங்கள். யார் அதிக விலை தருகிறார் என்று கேட்பதற்கு முன், எண்ணெய் எங்கே போகிறது என்று கேளுங்கள்.