மின்னஞ்சலும் இ-மெயிலும்: இணைப்புக்குறி எங்கே வேண்டும்?



இவ்வுரைக்கான வினா இந்த மலையிலேயே எழுந்தது. தோட்டத்துக் கோவில் திருவிழா அழைப்பிதழ் ஒன்றைச் சில மாதங்களுக்கு முன் மெய்ப்புப் பார்த்தோம். அட்டையில் 'இ-மெயில்' என்றிருந்தது, உள்ளே 'மின்-அஞ்சல்', நன்கொடைப் பற்றுச்சீட்டில் 'மின்னஞ்சல்'. செயலாளரான இளைஞர், "ஐயா, மூன்றில் எது சரி? எல்லாவற்றையும் ஒரே மாதிரி மாற்றிவிடவா?" என்று கேட்டார். ஒரு சொல்லில் விடை கூறியிருக்கலாம். ஆனால் அவர் கேட்டது ஒரு கோட்டைப் பற்றி மட்டுமன்று. இரண்டு சொற்கள் எப்போது ஒரு சொல்லாகின்றன என்பதே அவ்வினாவின் உட்பொருள்.

முதலில் ஆங்கிலத்தைப் பார்ப்போம். இக்கோடு அங்கிருந்துதான் நம்மிடம் வந்தது. ஆங்கிலத்தில் இணைப்புக்குறி பெரும்பாலும் இடைக்காலத் தங்கலே. இரு சொற்கள் முதலில் இடைவெளியுடன் நிற்கும். பழகத் தொடங்கியதும் நடுவே கோடு வரும். நன்கு பழகியபின் கோடு உதிரும். 'டுடே', 'டுமாரோ' என்பனவும் ஒரு காலத்தில் கோட்டுடன் எழுதப்பட்டவையே. 2007இல் வெளிவந்த ஷார்ட்டர் ஆக்ஸ்போர்டு அகராதியின் ஆறாம் பதிப்பு ஏறத்தாழ 16,000 சொற்களில் இணைப்புக்குறியை நீக்கியது. 2011இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன் நடைக் கையேட்டில் 'இமெயில்' என்பதற்கு இடையிலிருந்த கோட்டை எடுத்தது. அப்போதும் 'இ-புக்', 'இ-காமர்ஸ்' ஆகியவற்றின் கோட்டை அது எடுக்கவில்லை. மிகப் பழகிய சொல் முதலில் கோட்டை இழந்தது, மற்றவை காத்திருந்தன. நாம் நாள்தோறும் படிவங்களில் காணும் மலாய்ச் சொல்லான 'இ-மெல்' இன்றும் கோட்டுடனேயே எழுதப்படுகிறது. ஆகவே ஒரு மொழியின் வழக்கை மற்றொரு மொழிக்கு விதியாக்க இயலாது.

தமிழில் நிலைமை வேறு. நமக்குச் சொற்களை ஒட்டும் வேலையைச் செய்வது கோடு அன்று; புணர்ச்சி. 'மின்' என்பது தனிக்குறிலை அடுத்து மெய் நிற்கும் சொல். அதன்பின் உயிரெழுத்து வந்தால் அந்த மெய் இரட்டிக்கும். கல்லும் அணையும் சேர்ந்து கல்லணை ஆனதுபோல், மின்னும் அஞ்சலும் சேர்ந்து மின்னஞ்சல் ஆகின்றன. இரட்டித்த னகரமே இங்கு இணைப்புக்குறியின் பணியைச் செய்துவிடுகிறது. 'மின்-அஞ்சல்' என்று எழுதினால், சேர்ந்துவிட்ட இரண்டையும் பிரித்து நடுவே ஒரு கோட்டை நிறுத்துகிறோம்.

நம் பிள்ளைகள் இச்சொல்லைப் பேசும்போது கேட்டுப் பாருங்கள். 'மின்' என்று நிறுத்தி 'அஞ்சல்' என்று எவரும் சொல்வதில்லை. னகரம் அழுந்தி ஒரே மூச்சில் வருகிறது. மற்றொரு சோதனையும் உண்டு. 'அவசர அஞ்சல்' என்பதன் நடுவே 'அவசர அலுவலக அஞ்சல்' என்று ஒரு சொல்லை நுழைக்கலாம். 'மின்னஞ்சல்' என்பதன் நடுவே எதையும் நுழைக்க முடியாது. இவ்விரு சோதனைகளிலும் தேறிய சொல் ஒரு சொல்லே. முறையான எழுத்தில் அதற்குக் கோடும் வேண்டா, இடைவெளியும் வேண்டா.

எல்லாவற்றையும் இலக்கணமே தீர்த்துவிடுகிறது என்று எண்ணிவிடக் கூடாது. தொல்காப்பியம் புள்ளிமயங்கியலில் மின், பின், பன், கன் என்னும் நான்கு சொற்களையும் ஒன்றாக வைத்து, அவை தொழிற்பெயர்போலப் புணரும் என்கிறது. நன்னூலும் அதனை ஏற்கிறது. அதன்படி வல்லெழுத்து வரும்போது 'மின்' உகரம் பெற்று 'மின்னு' ஆகும்; பழைய உரைகளில் 'மின்னுக்கடிது' என்பது போன்ற எடுத்துக்காட்டுகளைக் காணலாம். அவ்விதியை இன்று கடைப்பிடித்தால் 'மின்னுக்கட்டணம்' என்று எழுத வேண்டியிருக்கும். எவரும் அவ்வாறு எழுதுவதில்லை. 'பொற்குடம்' போல னகரத்தை றகரமாக்கி 'மிற்கட்டணம்' என்பாரும் இல்லை. 'மின்கட்டணம்' என்று இயல்பாக நிற்பதே வழக்காயிற்று. உயிர் வருமிடத்தில் பழைய விதி உயிரோடு இருக்கிறது. வல்லெழுத்து வருமிடத்தில் வழக்கு விதியைக் கடந்துவிட்டது.

இம்மாற்றம் இன்னும் முடியவில்லை என்பதைத் தமிழ்நாட்டு அரசின் பெயர்ப்பலகைகளே காட்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் எண்ணிம நூலகம் 'மின்னூலகம்' எனப்படுகிறது. இங்கே நகரம் னகரமாகி முழுப் புணர்ச்சி நிகழ்ந்துள்ளது. 'மின் ஆளுமை முகமை' என்னும் பெயரில் புணர்ச்சி இல்லை, இடைவெளி உண்டு. மக்கள் சான்றிதழ் பெறச் செல்லும் இடமோ 'இ-சேவை மையம்'. அங்கே கோடு நிற்கிறது. ஒரே அரசின் கீழ் மூன்று முறைகள். இதைக் குழப்பம் என்று தள்ளிவிடாமல், ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு பழகியிருக்கிறது, எங்கிருந்து வந்தது என்பதற்கான அடையாளமாகக் காணலாம்.

மூன்றாவதான 'இ-சேவை' நம் கவனத்துக்கு உரியது. தமிழில் இகரம் ஒரு சுட்டெழுத்து. அதன்பின் மெய் வந்தால் அம்மெய் மிகும்: இச்சேவை, இந்நூல், இம்மடல். ஆகவே 'எலக்ட்ரானிக்' என்பதன் முதலெழுத்தாக வந்த 'இ', தமிழ்ச் சொல்லோடு நெருங்கியவுடன் 'இந்த' என்னும் பொருளுக்கு நழுவக் காத்திருக்கிறது. நாம் மெய்ப்புப் பார்த்த ஒரு கட்டுரையில் 'இ சேவை மையத்தில் பதிவு செய்க' என்று கோடின்றி வந்திருந்தது. ஒற்று விடுபட்டதாகக் கருதிய அச்சுக்கோப்பாளர், 'இச்சேவை மையத்தில் பதிவு செய்க' என்று திருத்திவிட்டார். இலக்கணப்படி அவர் செய்தது சரி. பொருள் அடியோடு மாறிவிட்டது. எந்த மையம் என்று தேடிய வாசகருக்கு முன்பத்தியில் விடை இல்லை.

எனவே 'இ'யின் பின் நிற்கும் கோடு ஆங்கிலத்தில்போலக் காலப்போக்கில் உதிரத்தக்கது அன்று. இந்த 'இ' சுட்டு அன்று, புணராது என்று அறிவிக்கும் வேலி அது. 'மெயில்' தமிழ்ச் சொல் அன்று என்பதால் 'இமெயில்' என்று சேர்த்தெழுதினும் எவரும் மயங்குவதில்லை. 'இ-நூல்' என்பதில் கோட்டை எடுத்தால் மயக்கம் வந்தே தீரும். 'ஈ-மெயில்' என்று நீட்டி எழுதுவோர் மூல ஒலிப்பை நெருங்குகின்றனர். சுட்டு மயக்கமும் நீங்குகிறது. எனினும் அது ஒலிபெயர்ப்பே. உரையாடலை அப்படியே பதிவு செய்யும் இடத்துக்கு ஏற்றது.

அழைப்பிதழ் கொண்டுவந்த இளைஞருக்கு நாம் கூறிய விடை இது: கடிதம், அழைப்பிதழ், அறிக்கை ஆகியவற்றில் 'மின்னஞ்சல்' என்று சேர்த்தெழுதுக. 'மின்'னோடு வரும் புதுச்சொல் இன்னும் நாவில் ஒட்டவில்லையாயின் சிலகாலம் இடைவெளி விட்டு எழுதுவதில் குற்றமில்லை. ஆனால் ஒரே ஆவணத்தில் இரு வடிவங்கள் வேண்டா. கணினியில் 'மின்னஞ்சல்' என்று தேடுவோருக்கு 'மின்-அஞ்சல்' என்று எழுதியது அகப்படாமலும் போகலாம். 'இ-சேவை' போன்ற நிலைத்த பெயர்களை அவற்றுக்குரிய கோட்டுடன் அப்படியே எழுதுக. புதிதாக 'இ' சேர்த்துச் சொல் படைக்காதீர்.

அவர் கேட்டுவிட்டு, "அப்படியானால் அட்டையை மறுபடியும் அச்சடிக்க வேண்டும்" என்றார். ஐந்நூறு அட்டைகள் ஏற்கெனவே அச்சாகியிருந்தன. அவற்றை அப்படியே வழங்குமாறு கூறினோம். 'இ-மெயில்' என்று கோட்டுடன் இருந்ததால் எவரும் தவறாகப் படிக்க வழியில்லை. முகவரியும் சரியாக இருந்தது. உட்பக்கத்தை மட்டும் மாற்றினோம்.