ஐந்து தட்டுப் பீன்ஸ்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



மேசையில் ஐந்து தட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 100 கிராம் பீன்ஸ், ஒரே அளவாக நறுக்கியது. முதலாவது, அரை லிட்டர் நீரில் மூடிபோட்டு வேகவைத்து, நீரை வடித்தது. இரண்டாவது, இட்லிப் பானையில் ஆவியில் வெந்தது. மூன்றாவது, குக்கரில் கொஞ்சம் நீர் விட்டு இரண்டு விசில் வைத்தது. நான்காவது, எண்ணெயில் பொரித்தது. ஐந்தாவதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நிறத்தைப் பாருங்கள். ஆவியில் வெந்தது நல்ல பச்சை. குக்கரில் வெந்தது மங்கிய பழுப்புப் பச்சை. பச்சையத்தின் நடுவில் ஒரு மெக்னீசிய அணு இருக்கிறது. காய் சூடாகும்போது அதிலுள்ள அமிலங்கள் வெளிவந்து அந்த அணுவை நீக்கிவிடுகின்றன; நிறம் மங்குகிறது. குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரி செல்சியசை நெருங்குகிறது. ஆவியாகும் அமிலங்கள் வெளியேறவும் வழி குறைவு. மூடிபோட்டு வேகவைத்த முதல் தட்டும் மங்கியது இதனால்தான். முதல் சில நிமிடங்கள் மூடியைத் திறந்து வைத்தால் பச்சை ஓரளவு நிற்கும்.

அப்படியானால் குக்கர் காய்தான் சத்தில் குறைந்ததா? இல்லை. வைட்டமின் சி, பி வகை வைட்டமின்கள் ஆகியவை நீரில் கரைபவை. முதல் தட்டுக் காயிலிருந்து அவற்றில் ஒரு பகுதி நீருக்குள் இறங்கியது. வடித்தபோது அதுவும் போனது. குக்கரில் நீரும் குறைவு, நேரமும் குறைவு. அந்த நீரைக் கூட்டிலோ சாம்பாரிலோ சேர்த்துவிட்டால், நிறம் மங்கிய காய் முதல் தட்டைவிட அதிகச் சத்தைத் தரும். ஆவியில் காய் நீரில் மூழ்குவதில்லை. ஆகவே நிறம், சத்து இரண்டும் நிற்கின்றன. ஆனால் நேரம் கூடினால் இரண்டும் குறையும்.

பொரிக்கும்போது நீரில் கரையும் இழப்பு இல்லை. ஆனால் எண்ணெயின் சூடு வைட்டமின் சி-யைச் சிதைக்கிறது. கரோட்டினில் ஒரு பகுதி எண்ணெயில் கரைந்து வாணலியிலேயே தங்குகிறது. காயும் எண்ணெயைக் குடிக்கிறது. பொரியலில் விடும் ஒரு கரண்டி எண்ணெய் வேறு கதை: அது காயோடு சேர்ந்து உண்ணப்படுவதால், கரோட்டினை உடல் ஏற்க உதவுகிறது.

இப்போது ஐந்தாவது தட்டு. எல்லாவற்றிலும் பளிச்சென்ற பச்சை இதுதான். வேகவைத்த நீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டேன், அவ்வளவுதான். காரம் அமிலத்தை நடுநிலையாக்குவதால் பச்சை நிற்கிறது. அதே காரம் வைட்டமின் சி-யையும் தயமினையும் விரைவாக அழிக்கிறது, செல்சுவரையும் இளக்குகிறது. விரலால் அழுத்துங்கள், குழைகிறது.

வகுப்பில் இந்தத் தட்டுகளை விளக்கம் சொல்லாமல் வையுங்கள். எது சத்து மிகுந்தது என்று கேளுங்கள். பெரும்பாலான கைகள் ஐந்தாவதைத்தான் காட்டும். பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.