தொட்டிக்குள் இறங்கும் முன் எழுத வேண்டிய அனுமதிச் சீட்டு



நச்சுவாயு தங்கக்கூடிய தொட்டிக்குள் தொழிலாளி இறங்குவதற்கு, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு இரு வழிகளை வகுத்தது. தகுதி பெற்றவர் தாமே சோதித்து எழுத்துச் சான்று தர வேண்டும்; அல்லது இறங்குபவர் சுவாசக் கருவியும் கயிறு பூட்டிய இடுப்புவாரும் அணிய, கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். இந்த ‘அல்லது’தான் ஆபத்தானது.

கழிவுநீர்ச் சேறு தேங்கிய தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்க. காலை 9 மணிக்கு மேல், நடு, அடி என மூன்று மட்டங்களிலும் ஆக்சிஜன் 20.9 சதவீதம்; ஹைட்ரஜன் சல்பைடு இல்லை. சான்று உண்மையானதே. ஆனால் மண்வெட்டி சேற்றைக் கிளறியதும் அதில் அடைபட்டிருந்த வாயு வெளிப்படுகிறது. அளவு மிகுந்தால் மூக்கு மரத்துப்போகும். அழுகிய முட்டை நாற்றமும் தெரியாது.

ஆகவே சீட்டில் சான்று, கயிறு இரண்டையுமே கட்டாயமாக்க வேண்டும். உள்வரும் குழாய்களை அடைத்துப் பூட்டிய பின்பே சோதனை. வாயுமானி இறங்குபவரின் உடலிலேயே இருக்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ, ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் 10 பங்கை எட்டினாலோ, காற்றூதி நின்றாலோ சீட்டு ரத்து. உடனே வெளியேற வேண்டும். மறுபடி இறங்கப் புதிய சோதனை, புதிய சீட்டு.

வெளியே நிற்பவருக்கு வேறு வேலை தரக் கூடாது. மேற்பார்வையாளரைக் கேட்காமலே பணியை நிறுத்தும் அதிகாரம் அவர் பெயருக்கு எதிரே எழுதப்பட வேண்டும். உள்ளே தோழர் மயங்கி விழுந்தாலும் அவர் இறங்கக் கூடாது. கயிற்றால்தான் இழுக்க வேண்டும். காப்பாற்றக் குதித்தவரே பல தொட்டிகளில் இரண்டாவது பிணம்.