வெள்ளையை எடுத்த பிறகும் ஓரத்துல ஏன் வெள்ளைக் கோடு?

இன்னைக்கு எபிசோடு கேட்க ரொம்பச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும்: ஒரு பொருளோட போட்டோவுல இருந்து வெள்ளைப் பின்னணியை எடுக்கறது. ஆனா அதுக்குள்ள ஒரு அழகான கணக்கு ஒளிஞ்சிருக்கு. நான் பேசப்போறது அந்தக் கணக்கைப் பத்திதான்.

என் காலேஜ் தோழி ஒருத்தி மண் கப் செஞ்சு விக்கறா. மேலே க்ளேஸ் போட்ட, காப்பிக்கொட்டை நிறக் கைப்பிடி கப். ஒரு கஃபே அவகிட்ட மொத்தமா ஆர்டர் கொடுத்து, அதே கப் படத்தைத் தங்களோட கருப்பு மெனு கார்டுலயும் போடக் கேட்டிருக்காங்க. அவ வெள்ளை சார்ட் பேப்பர் வெச்சு மொபைல்ல எடுத்த படத்தை, பின்னணியை நீக்கி அனுப்பியிருக்கா. பிரின்ட் ப்ரூஃப் வந்தப்போ கப்பைச் சுத்தி சாக்பீஸால வரைஞ்ச மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. மறுநாள் மொத்தமும் அச்சுக்குப் போகணும்.

அந்தக் கோடு எங்கிருந்து வருது? கப்போட நிறம் தோராயமா சிவப்பு 160, பச்சை 80, நீலம் 40னு வெச்சுக்கோங்க. பேப்பர் மூணுமே 255. கப்போட விளிம்பு பிக்சல் கட்டத்துக்குள்ள கச்சிதமா முடியாது. சில பிக்சல்ல பாதி கப், பாதி பேப்பர் விழும். கேமரா ரெண்டையும் கலந்து 208, 168, 148னு ஒரு வெளிறின நிறத்தைப் பதிவு பண்ணும். வெள்ளைப் பேப்பர் மேல அது கண்ணுக்கே தெரியாது. நம்ம டூல் "வெள்ளையை அழி"ன்னு சொன்னா 255 போகும், இந்த 208 போகாது. கருப்பு மேல வெச்சதும் அதுதான் பளிச்சுனு எரியுது.

டெர்மினல் பிடிக்கும்கறவங்களுக்கு முதல்ல தோணற கட்டளை இது. இமேஜ்மேஜிக்ல ஒரே வரி:

```
magick cup.jpg -fuzz 5% -transparent white cup.png
```

வேகமா முடியும். ஆனா ரெண்டு வகையில ஏமாத்தும். வெள்ளைக்குக் கிட்டத்தட்ட இருக்கற பிக்சலை அது படம் முழுக்கத் தேடும். அதனால கப் மேல க்ளேஸ்ல விழுந்த லைட்டோட பளபளப்பும் ஓட்டையாகிடும். `-fuzz` எண்ணைக் குறைச்சா ஓட்டை போகும், ஓரம் தங்கும். கூட்டினா ஓரம் கொஞ்சம் போகும், ஓட்டை பெருசாகும். நடுவுல நல்ல எண்ணுனு ஒண்ணு கிடையாது. ஏன்னா அது ஒரு பிக்சலை வெச்சுக்கலாமா, தூக்கலாமானு மட்டும்தான் கேட்குது. விளிம்பு பிக்சலுக்கு ரெண்டுமே சரியான பதில் இல்ல. அதுல பாதி கப் இருக்கு, பாதி பேப்பர் இருக்கு. நமக்கு வேண்டியது அந்தக் கலவையைப் பிரிச்சு, பேப்பர் பங்கை மட்டும் வெளியே எடுக்கறது.

கிம்ப்ல இதுக்குன்னே ஒரு ஃபில்டர் இருக்கு, பேரு `Color to Alpha`. ஒரு நிறத்தைக் கொடுத்தா, ஒவ்வொரு பிக்சல்லயும் அந்த நிறம் எவ்வளவு கலந்திருக்க முடியும்னு பார்த்து, அந்த அளவுக்கு ஒளிபுக விடும். நம்ம 208, 168, 148 பிக்சல்ல மிகக் குறைஞ்ச எண் 148. அதை 255ஆல வகுத்தா 0.58. அதாவது 58 சதவீதம் வெள்ளையா இருந்திருக்கலாம்னு முடிவு பண்ணி, மீதி 42 சதவீதத்தை ஒரு அடர் பழுப்பா வெச்சுக்கும். இப்போ கருப்பு மேல வெச்சா ஓரம் மெல்ல மங்கி மறையும், எரியாது.

ஆனா இதைப் படம் முழுக்கப் போட்டுடாதீங்க! கப்போட நடு உடம்புல 160, 80, 40 இருக்கே, அதுலயும் குறைஞ்ச எண் 40. அதுக்கும் 16 சதவீதம் வெள்ளைனு இந்த ஃபில்டர் சந்தேகப்படும். கப் முழுசும் லேசா கண்ணாடி மாதிரி ஆகிடும், பின்னாடி இருக்கறது ஊடுருவித் தெரியும். அதனால பின்னணி, கூட ஓரத்துல ரெண்டு பிக்சல், அங்க மட்டும்தான் இது வேலை செய்யணும்.

தோழி படத்துல நாங்க செஞ்சதை வரிசையாச் சொல்றேன். முதல்ல `Colors` மெனுல `Levels` திறந்து, வெள்ளைக்கான ஐட்ராப்பரால பேப்பர்ல ஒரு க்ளிக். மொபைல்ல எடுத்த வெள்ளைப் பேப்பர் உண்மைல சாம்பல் கலந்த 235 மாதிரிதான் இருக்கும். இதைச் சரி பண்ணலைன்னா கடைசில படத்தைச் சுத்தி மெல்லிசா ஒரு புகை நிக்கும். அடுத்து `Layer > Transparency > Add Alpha Channel`. அப்புறம் `Fuzzy Select` டூலால பின்னணியைத் தொட்டுத் தேர்வு. இந்த டூல் தொட்ட இடத்தோட ஒட்டியிருக்கற பிக்சலை மட்டும்தான் எடுக்கும். அதனால கப் நடுவுல இருக்கற பளபளப்பு தப்பிச்சிடும். அதே காரணத்தால கைப்பிடிக்குள்ள மாட்டியிருக்கற வெள்ளையும் விட்டுப்போகும். ஷிஃப்ட் அழுத்திக்கிட்டு அங்கயும் ஒரு க்ளிக். ஆன்லைன் கடைப் படங்கள்ல கைப்பிடிக்குள்ள வெள்ளை அடைச்சிருக்கறதைப் பார்த்திருப்பீங்களே, இந்த ஒரு க்ளிக் விட்டுப்போனதுதான்.

கப் அடியில விழற நிழலையும் ஷிஃப்ட் அழுத்தி, `Free Select` டூலால வளைச்சுச் சேர்த்துக்கிட்டோம். நிழல் சாம்பல் நிறம்தானே? வெள்ளையைப் பிரிச்சு எடுத்தா அது ஒளிபுகும் கருப்பா மாறிடும். எந்த நிறத்து மேல வெச்சாலும் உண்மையான நிழல் மாதிரியே விழும். எனக்கு இந்த முறைல ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். கஃபேயோட கருப்பு கார்டுல அந்த நிழல் தெரியப்போறதில்ல. ஆனா அவ இன்ஸ்டா பேஜுக்கு மஞ்சள் பின்னணில போடறப்போ கப் அந்தரத்துல மிதக்காது.

கடைசியா `Select > Grow`ல 2 பிக்சல். இப்போ தேர்வு கப்போட ஓரத்துக்குள்ள கொஞ்சம் நுழைஞ்சிருக்கும். `Delete` அழுத்தாம, `Color to Alpha`ல வெள்ளையைக் கொடுத்து ஓகே. பின்னணி, நிழல், ஓரம் மூணும் ஒரே அடியில முடிஞ்சுது.

சரியா வந்திருக்கானு கட்டம் போட்ட பின்னணியை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க, அந்தச் சாம்பல் கட்டங்கள் ஓரத்தை மறைச்சிடும். அடியில ஒரு லேயர் போட்டு முழுக் கருப்பு ஊத்தி, 200 சதவீதத்துக்குப் பெருசாக்கிப் பாருங்க. அப்புறம் அதே லேயரைக் கரும்பச்சை, சிவப்புனு மாத்திப் பாருங்க. வெள்ளைக் கோடு இன்னும் தெரிஞ்சா, பின்னாடி போய் `Grow`ல 3 கொடுங்க. பார்த்து முடிச்சதும் அந்த லேயரை அணைச்சிடணும், இல்லைன்னா அதுவும் சேர்ந்தே சேவ் ஆகும்.

சேவ் பண்றது `File > Export As`, பேரு கடைசில `.png`. ஜேபெக்ல ஒளிபுகும் தன்மைக்கு இடமே கிடையாது. ஒவ்வொரு பிக்சலுக்கும் மூணு நிறம் மட்டும்தான், நாலாவதா ஆல்ஃபானு ஒண்ணு இல்ல. இங்கதான் இன்னொரு பொறி: வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா பிஎன்ஜியை அது ஜேபெக்கா மாத்திடும், நம்ம உழைப்பெல்லாம் போச்சு. டாக்குமென்டா அனுப்புங்க. தோழிக்கு பிரின்டர்கிட்ட அதுதான் இரண்டாவது தடவை தலைவலி கொடுத்திருக்கும், நல்லவேளை முன்னாடியே சொல்லிட்டேன்.

ஒண்ணு மட்டும் இந்த முறைல நடக்காது. வெள்ளைப் பீங்கான் கப்பை வெள்ளைப் பேப்பர்ல வெச்சு எடுத்தா, பேப்பர் எங்க முடியுது, கப் எங்க ஆரம்பிக்குதுனு கணக்குக்கே தெரியாது. அவளோட அடுத்த செட்டு வெள்ளைக் கப்தானாம். அதுக்கு நடுத்தரச் சாம்பல் நிற சார்ட் வாங்கி வெச்சிருக்கா. அந்த போட்டோக்கள் வந்ததும் `Color to Alpha`ல வெள்ளைக்குப் பதிலா அந்தச் சாம்பலையே ஐட்ராப்பரால எடுத்துக் கொடுத்துப் பார்க்கணும். இந்தத் தடவை `Levels` பக்கம் போகக்கூடாது, பேப்பர் வெள்ளையாகிடும்.